கண்ணின் வெள்ளையும் கிரே கார்டும்: ஏற்காட்டு மரநிழலில் எடுத்த முகங்களின் நிறம்

“ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்துக்குள் மணமக்களைப் படம் எடுத்தேன். முகமெல்லாம் பச்சை அடித்திருந்தது. லைட்ரூமில் பெண்ணின் கண் வெள்ளையில் கிளிக் செய்தால் தோல் சாம்பல் பூத்ததுபோல் ஆகிவிடுகிறது. ஒரு படத்தில் மட்டும் ஆரஞ்சாகிறது. ஒரு ஃபிரேமில் கிரே கார்டும் வைத்திருந்தேன். அதில் கிளிக் செய்தாலும் தாடைக்குக் கீழே பச்சை போகவில்லை. இரண்டில் எதை நம்புவது?”

கார்டை நம்புங்கள். கண்ணின் வெள்ளையை ஒயிட் பேலன்ஸுக்கு அளவுகோலாக வைக்காதீர்கள். கார்டு கொடுத்த அளவைப் பிறகு சரிபார்க்கவும், கார்டு இல்லாத ஃபிரேம்களுக்கு அந்த அளவைக் கொண்டுசெல்லவும் கண்ணின் வெள்ளை உதவும். தாடைக்குக் கீழே தங்கியிருக்கும் பச்சை வேறு காரணத்தால் வருவது. அதை எந்தக் கார்டும் முழுவதுமாகப் போக்காது.

ஐட்ராப்பரால் ஓர் இடத்தைக் கிளிக் செய்யும்போது மென்பொருள் செய்வது மிக எளிய வேலை. அந்த இடத்தில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் சமமாகும்படி, நீலத்துக்கும் மஞ்சளுக்கும் இடையில் நகரும் Temp, பச்சைக்கும் மெஜந்தாவுக்கும் இடையில் நகரும் Tint இரண்டையும் நகர்த்துகிறது. அந்த இடம் உண்மையிலேயே நிறமற்ற சாம்பல்தானா என்று அதற்குத் தெரியாது. நாம் சொன்னதை நம்பிக்கொள்கிறது. எனவே நாம் கிளிக் செய்த பொருளுக்குச் சொந்தமாக என்ன நிறம் இருக்கிறதோ, அதற்கு எதிர்நிறம் படம் முழுவதும் ஏறிவிடும். இளஞ்சிவப்பான ஒன்றை ‘இது சாம்பல்’ என்று சொன்னால், அந்தச் சிவப்பைக் கழிப்பதற்காகப் படம் முழுவதிலிருந்தும் சிவப்பு கழிக்கப்படும். நம் ஊர் மாநிறத் தோலிலிருந்து சிவப்பை எடுத்துவிட்டால் மிஞ்சுவது நீங்கள் பார்த்த அந்தச் சாம்பல்தான்.

கண்ணின் வெள்ளை அப்படி இளஞ்சிவப்பானதுதான். அதன் மேல் மெல்லிய படலத்தில் நுண்ணிய ரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. விடியற்காலை முகூர்த்தத்துக்கு எழுந்து, ஓமப் புகையில் உட்கார்ந்து, தூக்கமில்லாமல் மலை ஏறி வந்த மணப்பெண்ணின் கண்ணில் அந்தக் குழாய்கள் இன்னும் விரிந்திருக்கும். இமைகளின் உட்புறத்திலும் கன்னத்திலும் பட்டுத் திரும்பும் வெளிச்சம் கொஞ்சம் சிவப்பாகவே விழியின்மேல் விழுகிறது. வயதாக ஆக வெள்ளையில் மஞ்சள் கூடும். பச்சிளம் குழந்தைக்கு அந்த உறை மெல்லியதாக இருப்பதால் அடியிலுள்ள படலம் தெரிந்து நீலம் தட்டும். ஒரே குடும்பப் படத்தில் பாட்டியின் கண், மணப்பெண்ணின் கண், மடியிலிருக்கும் குழந்தையின் கண் ஆகிய மூன்றில் கிளிக் செய்தால் மூன்று வேறு ஒயிட் பேலன்ஸ் கிடைக்கும். அவர்கள்மேல் விழுந்த வெளிச்சமோ ஒன்றுதான்.

இருந்தும் அது நம் கண்ணுக்குத் தூய வெள்ளையாகத் தெரிவதற்குக் காரணம் பக்கத்திலிருக்கும் நிறம். பழுப்பும் செம்மையும் கலந்த தோலுக்கு நடுவில் இருக்கும் எந்த வெளிர் நிறமும் உண்மையில் இருப்பதைவிடக் குளிர்ச்சியாகவும் வெளுப்பாகவும் தோன்றும். தோலின் நிறம் ஆழமாக ஆக இந்தத் தோற்றம் கூடும். ஆகவே நம் மக்களைப் படமெடுப்பவர் இதில் ஏமாறுவதற்கு வாய்ப்பு அதிகம். சந்தேகம் இருந்தால் விழியின் அந்தச் சிறு பகுதியை மட்டும் வெட்டி, சாம்பல் பின்னணியில் ஒட்டிப் பாருங்கள். வெள்ளை என்று நினைத்தது வெளிறிய ரோஜா நிறத்தில் இருப்பது தெரியும்.

ஒரு படம் மட்டும் ஆரஞ்சானது இதற்கு நேர்மாறான காரணத்தால். விழி ஈரமானது, வளைந்தது, ஆகவே கண்ணாடிபோல் எதிரிலிருப்பதைக் காட்டும். கிளைகளுக்கு இடையில் தெரிந்த வானம் அதன்மேல் ஒரு வெளிர் திட்டாக விழுந்திருக்கும். அந்தத் திட்டின்மேல் கிளிக் செய்தால் நீங்கள் விழியை அளக்கவில்லை, வானத்தை அளக்கிறீர்கள். நீலமான வானத்தைச் சாம்பலாக்க மென்பொருள் மஞ்சளையும் சிவப்பையும் ஏற்றும், முகம் ஆரஞ்சாகிவிடும். இரண்டு இடங்களுக்கும் இடையில் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது.

கண்ணின் பரப்பளவையும் யோசிக்க வேண்டும். இடுப்புவரை எடுத்த படத்தில் ஒரு கண்ணின் வெள்ளை மிகக் குறைந்த பிக்சல்கள் அகலமே இருக்கும். அதிலும் மேலிமையின் நிழல் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். தீட்டிய மை ஓரங்களில் கரைந்து இன்னொரு பங்கைக் கறைப்படுத்தும். மூக்கோர மூலையின் செந்தசை மற்றொரு பங்கைக் கெடுக்கும். ஜேபெக் ஆக மட்டும் எடுத்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். அந்த வடிவம் நிறத் தகவலைப் பொதுவாக வெளிச்சத் தகவலைவிடக் குறைந்த நுணுக்கத்தில் சேமிப்பதால், தோலின் நிறம் விழிக்குள் கசிந்திருக்கும்.

என்னிடமுள்ள ஒரு படத்தொகுப்பை எடுத்துச் சொல்கிறேன், உங்களுடையதைப் போன்றதே. சேர்வராயன் மலையின் காபித் தோட்டங்களைப் பார்த்தவர்களுக்கு அந்த வெளிச்சம் தெரியும். உயரமான சில்வர் ஓக் மரங்கள், அவற்றில் ஏறிய மிளகுக் கொடி, கீழே இடுப்பளவு காபிச் செடி. மேலிருந்து வரும் வெளிச்சம் இலைகளின் ஊடாக வடிந்து வருகிறது, பக்கங்களிலிருந்து வருவது காபி இலைகளின் பளபளப்பில் பட்டுத் திரும்புகிறது. இலை சிவப்பையும் நீலத்தையும் விழுங்கிக்கொண்டு பச்சையை விடுவதால் இரு வழியிலும் வரும் வெளிச்சம் பச்சைதான். காலை பத்து மணி, லேசான மூட்டம். மணப்பெண்ணின் கன்னத்தருகே பிடித்த கார்டு, கேமரா தானாக முடிவுசெய்த As Shot நிலையில் R 46.6, G 49.8, B 47.9 என்று காட்டியது. அதாவது பச்சை கூடுதல், சிவப்பு குறைவு. அப்போது Temp 5050, Tint +9. கார்டில் கிளிக் செய்ததும் Temp 5400, Tint +27 ஆனது. இங்கே கவனிக்க வேண்டியது Tint. Temp சற்றே நகர்ந்தது. பச்சையை வெட்டும் மெஜந்தா பக்கம் Tint 18 படிகள் நகர்ந்தது. மரநிழல் படங்களில் Temp-ஐ மட்டும் இழுத்துக்கொண்டிருப்பவர்களுக்குத் தோல் ஏன் சரியாவதே இல்லை என்பது இதிலிருந்து விளங்கும்.

கார்டின்படி சரிசெய்த பிறகு அதே பெண்ணின் விழியில் ஐட்ராப்பரை, கிளிக் செய்யாமல், வெறுமனே வைத்துப் பார்த்தேன். R 63, G 59, B 57. பச்சையைவிடச் சிவப்பு 4 கூடுதல், நீலம் 2 குறைவு. இதுதான் அந்தக் கண்ணின் சொந்த நிறம். அங்கேயே கிளிக் செய்தபோது Temp 4600, Tint +20 ஆக இறங்கியது. கன்னத்தின் செம்மை வடிந்து காய்ச்சல்காரர் முகமாக ஆனது. சற்று மேலே, வானம் பிரதிபலித்த திட்டில் R 80, G 83, B 88 இருந்தது. அங்கே கிளிக் செய்தால் Temp 6400-க்கு ஏறி முகம் ஆரஞ்சானது. ஒரே கண்ணின் இரண்டு புள்ளிகள் Temp-இல் 1800 படிகள் விலகி நிற்கின்றன. கார்டின் மேல் எந்த மூலையில் கிளிக் செய்தாலும் வேறுபாடு 50-ஐத் தாண்டவில்லை.

கார்டைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. அதன் மதிப்பு ‘18 சதவீதம்’ என்பதில் இருப்பதாக நினைக்கிறார்கள். விழும் வெளிச்சத்தில் 18 சதவீதத்தைத் திருப்பியனுப்புவது எக்ஸ்போஷர் அளப்பதற்கான குணம். ஒயிட் பேலன்ஸுக்கு வேண்டியது, எல்லா நிறங்களையும் ஒரே விகிதத்தில் திருப்பியனுப்புவதும் பளபளப்பு இல்லாமல் இருப்பதும். கார்டு கொஞ்சம் வெளிர்ந்திருந்தாலும் பரவாயில்லை. அச்சகத்தில் சாம்பல் மையால் அடித்த அட்டை, பார்வைக்குச் சாம்பலாக இருந்தாலும், ஒரு வெளிச்சத்தில் சரியாகவும் இன்னொன்றில் நிறம் தட்டியும் வரலாம். வாங்கிய கார்டைச் சோதிக்க, நம்பிக்கையான வேறொரு கார்டுடன் பக்கத்தில் வைத்து வெயிலிலும் நிழலிலும் எல்.ஈ.டி. விளக்கிலும் எடுத்துப் பாருங்கள். ஒன்றில் கிளிக் செய்தபோது மற்றதும் மூன்று வெளிச்சத்திலும் சாம்பலாகவே வந்தால் போதும்.

கார்டு மறந்த நாளில் மாப்பிள்ளையின் வேட்டியில் கிளிக் செய்யத் தோன்றும். செய்யாதீர்கள். நீலம் போட்டு அலசிய வேட்டியில் நீலம் இருக்கிறது. போடாவிட்டாலும் சோப்புத் தூளிலும் நெசவாலைப் பூச்சிலும் உள்ள வெண்மையூட்டிகள் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கி நீல வெளிச்சமாக விடுகின்றன. ஏ4 தாளும் அப்படித்தான். இவற்றில் கிளிக் செய்தால் முகம் மஞ்சளடிக்கும். மஞ்சள் பூசிய முகமாக இருந்தால் எது பூசியது, எது பிழை என்று பிறகு பிரிக்கவே முடியாது.

இனி, உங்கள் கார்டு ஃபிரேமை ஒருமுறை திறந்து, கார்டு எந்தத் திசையைப் பார்க்கிறது என்று கவனியுங்கள். பெரும்பாலானவர்கள் மணப்பெண்ணின் கையில் கொடுத்து ‘பிடிச்சுக்கோங்க’ என்று சொல்லிவிடுவார்கள். அவர் அதை மார்புக்கு நேரே, சற்று மேல்நோக்கிச் சாய்த்துப் பிடிப்பார், தட்டைப் பிடிப்பதுபோல. அப்படிச் சாய்ந்த கார்டு முகத்துக்கு வராத வான வெளிச்சத்தை வாங்கிக்கொள்ளும். பக்கத்திலிருந்து முகத்தில் விழும் இலைப் பச்சையைப் பார்க்காது. அதில் கிளிக் செய்தால் பச்சையில் பாதிதான் வெட்டுப்படும். நானும் ஆரம்ப நாட்களில் ஒரு ஆல்பம் முழுவதும் இப்படிச் செய்து, அந்தக் குடும்பத்திடம் கொடுத்த பிறகுதான் காரணத்தைக் கண்டுபிடித்தேன். மறுபடி அச்சிட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது. கார்டு முகத்தின் பக்கத்தில், கன்னத்தோடு ஒட்டி, மூக்கு பார்க்கும் திசையையே பார்த்து நிற்க வேண்டும். உதவியாளரே பிடிப்பது நல்லது. சேலை மிகப் பெரிய வண்ணப் பரப்பு என்பதையும் மறக்கக் கூடாது. இளம்பிள்ளை நெசவின் அரக்குச் சேலைக்கு முன்னால், மார்பருகே பிடித்த கார்டில் அந்தச் சிவப்பு தெரியும் அளவுக்கு விழும். படமெடுப்பவரின் சட்டையும் அப்படியே. இந்த வேலைக்குப் போகும்போது நான் சாம்பல் அல்லது கறுப்புதான் அணிகிறேன்.

கார்டைச் சரியாகப் பிடித்த பிறகும் தாடைக்குக் கீழே பச்சை நிற்பதற்குக் காரணம், அங்கே விழும் வெளிச்சமே வேறு என்பது. நெற்றியும் கன்னமும் மேலிருந்தும் முன்னாலிருந்தும் வெளிச்சம் வாங்குகின்றன. தாடையின் அடிப்பகுதி கீழேயிருக்கும் காபிச் செடியிடமிருந்து மட்டுமே வாங்குகிறது. ஒயிட் பேலன்ஸ் என்பது படம் முழுவதுக்கும் ஒரே எண். இரண்டு வெளிச்சத்துக்கு ஒரு எண் பொருந்தாது. கன்னம் சரியாகும்வரை கார்டு, அதன்பின் தாடைக்குக் கீழே பிரஷ்ஷால் தடவி அங்கே மட்டும் Tint-ஐ மெஜந்தா பக்கம் 10 அல்லது 12 நகர்த்துவது என்பதே திருத்தும் வழி. அதற்குமேல் நகர்த்தினால் கழுத்து ஊதாவாகும். எடுக்கும்போதே தடுக்கவும் முடியும்: ஃபிரேமுக்குக் கீழே, இடுப்பளவில், செடியின்மேல் ஒரு வெள்ளைத் துணியை விரித்துவிட்டால் அந்தப் பச்சை மறைந்து, தாடைக்கு அடியில் நிழலும் மென்மையாகும். கிளிக் செய்வதற்கு உதவாத வேட்டி இதற்கு நன்றாக உதவும்.

இதே இடத்தில் ஃபிளாஷ் போடுபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஃபிளாஷின் வெளிச்சம் பகல் வெயிலைப் போன்றது, பச்சை இல்லாதது. மரநிழலுக்கான Tint +27-ஐ வைத்துக்கொண்டு முகத்தில் ஃபிளாஷ் அடித்தால் முகம் மெஜந்தாவாகும். ஃபிளாஷுக்கு ஏற்பச் சரிசெய்தால் பின்னணியும் நிழல்களும் பச்சையாக நிற்கும். ஃபிளாஷின் முன்னால் மெல்லிய பிளஸ் கிரீன் ஜெல் ஒட்டி, அதையும் சூழலின் பச்சைக்குக் கொண்டுவந்துவிட்டு, ஃபிளாஷ் அடித்தபடியே கார்டை எடுக்க வேண்டும்.

ஏற்காட்டில் மூடுபனி ஒரு வளைவிலிருந்து அடுத்த வளைவுக்குள் வந்துவிடும். பனி இறங்கியதும் எல்லாத் திசையிலிருந்தும் வெண்மையான, சற்று நீலமான வெளிச்சம் பரவி இலையின் பச்சை அமுங்கும். விலகியதும் பச்சை திரும்பும். ஆகவே இடம் மாறும்போது மட்டுமல்ல, பனி வரும்போதும் போகும்போதும் ஒரு கார்டு ஃபிரேம் எடுத்துவிடுங்கள். ஐந்து விநாடி வேலை. கேமராவை ஆட்டோவில் விடாமல் ‘டேலைட்’ போன்ற ஒரு நிலையில் பூட்டிவிடுவதும் நல்லது. ரா ஃபைலுக்கு அது கட்டாயமில்லை என்றாலும், வெளிச்சம் எப்போது மாறியது என்பது படங்களை வரிசையாகப் பார்க்கும்போதே தெரியும். ஆட்டோ அந்த மாற்றத்தை மறைத்துவிடும்.

அப்படியும் கார்டு இல்லாத ஃபிரேம்கள் மிஞ்சும். கண்ணின் வெள்ளை உண்மையில் பயன்படுவது இங்கேதான். அது நிறமற்றதல்ல, ஆனால் அதே நாளில் அதே மனிதருக்கு ஏறக்குறைய மாறாத நிறம் கொண்டது. கார்டு ஃபிரேமில் அந்தப் பெண்ணின் கண் R 63, G 59, B 57 என்று தெரிந்துகொண்டோம் அல்லவா, கார்டில்லாத ஃபிரேமில் அதே கண்ணை மூன்றும் சமமாகும்படி அல்லாமல், இதே இடைவெளி வரும்படி Temp, Tint இரண்டையும் கையால் நகர்த்த வேண்டும். வெளிச்ச அளவு வேறாக இருந்தால் எண்களும் மாறும். சிவப்பு பச்சையைவிட ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதல், நீலம் 3 சதவீதம் குறைவு என்ற விகிதத்தைப் பாருங்கள். நூறு சதவீதப் பெரிதாக்கலில், கருவிழிக்கும் காதுப்பக்க மூலைக்கும் நடுவில், மையும் வானத் திட்டும் படாத இடமாக, வெளிச்சம் வரும் பக்கத்துக் கண்ணில் பாருங்கள். அடுத்தடுத்த இரண்டு மூன்று ஃபிரேம்களில் ஒரே விடை வந்தால் மட்டுமே ஏற்றுக்கொள்ளுங்கள். கண் சிறிதாகத் தெரியும் முழு உருவப் படத்தில் இது எடுபடாது. கண்ணை வெளுக்கும் ரீடச்சிங் செய்த பிறகும் எடுபடாது, ஏனெனில் அப்போது நீங்கள் அளப்பது உங்கள் சொந்தத் திருத்தத்தை.

மாலையில் லேடிஸ் சீட் பக்கம் எடுத்த படங்கள் இருந்தால் அவற்றில் கார்டின் விடையை அப்படியே போடாதீர்கள். கார்டு அந்தி வெயிலின் பொன்னிறத்தையும் பிழை என்றே கருதிக் கழித்துவிடும். அங்கே கார்டில் கிளிக் செய்து, கிடைத்த Tint-ஐ வைத்துக்கொண்டு, Temp-ஐ மட்டும் பொன்னிறம் திரும்பும்வரை உயர்த்துங்கள்.

உங்கள் தொகுப்புக்கு நீங்கள் செய்யக்கூடியது இது: கார்டு ஃபிரேமில் கார்டு மேல்நோக்கிச் சாய்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சாய்ந்திருந்தால் அது கொடுக்கும் Tint குறைவானது என்று கொண்டு, கன்னத்தின் பச்சை நீங்கும்வரை நான்கைந்து படிகளாகக் கூட்டுங்கள். பிறகு அந்தப் பெண்ணின் கண்ணில் ஐட்ராப்பரை வைத்து மூன்று எண்களையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அதே இடத்தில் எடுத்த எல்லா ஃபிரேம்களுக்கும் இந்த Temp, Tint இரண்டையும் ஒருசேரப் போட்டுவிட்டு, பனி வந்த ஃபிரேம்களை மட்டும் எழுதிவைத்த கண் எண்களின் விகிதத்தோடு ஒத்துப் பாருங்கள். கடைசியில் தாடைக்கு அடியில் பிரஷ். மாப்பிள்ளைக்குத் தனியாக அவருடைய கண் எண்களை எழுத வேண்டும். பெண்ணுடையதை அவருக்குப் போட்டால் தவறும்.